கேஸ் மாத்திரை: சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்னால், எத்தனை மாதம் வரை?

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, சாப்பிட்ட பிறகு போடுவது. இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பது. இரண்டாவது தவறு பல நேரம் முதல் தவறிலிருந்தே பிறக்கிறது. தப்பான நேரத்தில் போட்ட மாத்திரை அரைகுறையாகவே வேலை செய்யும். எரிச்சல் அடங்கவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள், நாளை நீட்டுவார்கள். அதனால் இந்த வழிகாட்டி முதலில் நேரத்தைச் சரிசெய்கிறது. தேவை இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

## 1. கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

எல்லாவற்றையும் ‘கேஸ் மாத்திரை’ என்றே சொல்கிறோம். ஆனால் மூன்று வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு.

அட்டையின் பின்புறம் வணிகப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். அது ‘பிரசோல்’ என்று முடிந்தால் அநேகமாக, இரைப்பையில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்பை அடைக்கும் பம்பு தடுப்பான் வகை: ஒமிபிரசோல், பேன்டோபிரசோல், இசோமிபிரசோல், ரேபிபிரசோல், லேன்சோபிரசோல். சாப்பாட்டுக்கு முன் என்ற கண்டிப்பான நேரக் கணக்கு இவற்றுக்குத்தான். (அரிபிபிரசோல் என்பதும் அப்படித்தான் முடிகிறது, அது மனநல மருந்து. முடிவெழுத்தை மட்டும் நம்பாமல் முழுப் பெயரையும் படியுங்கள்.)

ஃபெமோடிடின் போன்றவை இரண்டாவது வகை. இவை ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருள் வழியாக அமிலச் சுரப்புக்கு வரும் தூண்டுதலைத் தடுக்கின்றன. மூன்றாவது, ஏற்கெனவே சுரந்த அமிலத்தை அந்த இடத்திலேயே சமன்செய்யும் ஆன்டாசிட் திரவங்களும் மென்று தின்னும் மாத்திரைகளும். இந்த இரண்டு வகைகளையும் 7-வது பகுதியில் பார்க்கலாம். மற்ற பகுதிகள் எல்லாம் பம்பு தடுப்பானைப் பற்றியவை.

அட்டையில் இரண்டு மருந்துப் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பம்பு தடுப்பானோடு டோம்பெரிடோன் சேர்த்த காப்ஸ்யூல்கள் நிறைய உண்டு. டோம்பெரிடோன் குமட்டலுக்கான மருந்து. சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதைப் பொதுவாக ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னது. அமிலத்துக்கு என்று நினைத்து மாதக்கணக்கில் இந்தக் கூட்டு மருந்தைப் போடுபவர், தேவையில்லாத ஒன்றையும் சேர்த்தே விழுங்குகிறார்.

## 2. முதல் மாத்திரைக்கு முன் நான்கு விஷயங்கள்

முதலில் ஆபத்து அறிகுறிகள். விழுங்கும்போது அடைப்பது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம். 60 வயதை நெருங்கியவருக்கோ தாண்டியவருக்கோ புதிதாக நெஞ்செரிச்சல் தொடங்கினாலும் அப்படியே. இந்த மருந்து வலியை அடக்கி, புண்ணையும் சில புற்றுகளையும் கொஞ்சகாலம் மறைத்துவிடக்கூடும். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால், அதை அமிலம் என்று எண்ண வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அடுத்தது ஹெலிகோபாக்டர் பைலோரி பரிசோதனை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் இந்தக் கிருமியை மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்கலாம். பம்பு தடுப்பான் கிருமியின் எண்ணிக்கையை அமுக்கிவிடும் என்பதால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். அதனால் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் இந்த மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டும். மருத்துவர் பரிசோதனை எழுதியிருந்தால் அதை முடித்துவிட்டு மாத்திரையைத் தொடங்குவது எளிது. தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்துவது சிரமம்.

மூன்றாவது, மற்ற மருந்துகளின் பட்டியல். இதய அடைப்புக்கு க்ளோபிடோக்ரெல் போடுபவருக்கு ஒமிபிரசோலும் இசோமிபிரசோலும் ஏற்றவை அல்ல. கல்லீரலில் க்ளோபிடோக்ரெல்லைச் செயல்படவைக்கும் நொதியை இவை தடுக்கின்றன. அப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் பேன்டோபிரசோல் தருவார்கள். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, சில பூஞ்சை மருந்துகள், எச்.ஐ.வி. மருந்துகளில் சில ஆகியவை உடலில் சேர அமிலம் தேவை. அவற்றைப் போடுபவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நான்காவதுதான் பலரும் செய்யாதது. ‘எதற்காக, எத்தனை நாள்’ என்று கேட்டு, அதை மருந்துச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எதுக்களிப்பு நோய்க்கு வழக்கமாக 4 முதல் 8 வாரம். கிருமியை ஒழிக்கும் கூட்டுச் சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். வலி மாத்திரைக்குத் துணையாகத் தந்தால், வலி மாத்திரை போடும் நாள் வரைக்கும். இந்த ஒரு வரி எழுதப்படாததால்தான் பத்து நாள் மருந்து பல வருடம் ஓடுகிறது.

## 3. நேரம்: சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்

இரைப்பையின் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் அமிலத்தை வெளியே தள்ளும் மிக நுண்ணிய பம்புகள் உண்டு. வயிறு காலியாக இருக்கும்போது இவற்றில் பெரும்பகுதி ஓய்வில் கிடக்கும். சாப்பாடு உள்ளே வந்ததும் கூட்டமாக இயங்கத் தொடங்கும்.

இந்த மருந்து ஓடும் பம்பை மட்டுமே பிடிக்கும். ஓய்வில் இருக்கும் பம்பைத் தொடாது. ஏனென்றால் விழுங்கும்போது மருந்து செயலற்ற நிலையில் இருக்கிறது. பம்பு வெளியே தள்ளும் அமிலம் பட்டால்தான் அது செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது. மாறியதும் அந்தப் பம்போடு ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக முடக்கிவிடும்.

ஆனால் மருந்து ரத்தத்தில் தங்கும் நேரம் குறைவு. ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமும், பம்புகள் ஓடும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். மாத்திரை இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றிவந்து இரைப்பைச் சுவரை அடைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும் என்பதிலிருந்துதான் இந்த 30–60 நிமிடக் கணக்கு வந்தது.

காலை 8 மணிக்குச் சாப்பிடுபவர் 7:15-க்குப் போடலாம். அந்த இடைவெளியில் தண்ணீர் குடித்தால் போதும். நாளின் முதல் உணவுக்கு முன் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பிறகு, இயங்கத் தயாரான பம்புகள் அதிகம் சேர்ந்திருக்கும். அப்போது பிடித்தால் ஒரே மாத்திரையில் அதிகப் பம்புகள் அடைபடும்.

இங்கே மூன்று விதமாகத் தவறுகிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டால், உணவு இரைப்பையிலேயே மாத்திரையைத் தடுத்து வைக்கும். அது குடலுக்குப் போய்ச் சேரும்போது பம்புகளின் உச்ச நேரம் கடந்திருக்கும். காலை 6 மணிக்குப் போட்டுவிட்டு 10 மணிக்குச் சாப்பிட்டாலும் பயனில்லை. பம்புகள் விழிப்பதற்குள் மருந்து ரத்தத்திலிருந்து போய்விடும். ‘வெறும் வயிற்றில்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தவறைச் செய்கிறார்கள். சாப்பாடு பின்னால் வந்தே ஆக வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மூன்றாவது, படுக்கப்போகும் முன் போடுவது. இரவு முழுக்கச் சாப்பாடே இல்லாதபோது மருந்துக்குப் பிடிக்கக் கிடைக்கும் பம்புகள் கொஞ்சம்தான்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு கடிகாரம் முக்கியமில்லை. தூங்கி எழுந்து சாப்பிடும் முதல் பெரிய உணவு எதுவோ, அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போட்டால் சரி. காலையில் சாப்பிடாதவர் மதியச் சாப்பாட்டைக் கணக்கில் எடுக்கலாம்.

விதிவிலக்கும் உண்டு. டெக்ஸ்லேன்சோபிரசோல் இரண்டு கட்டமாக மருந்தை வெளிவிடுவது; வோனோபிரசான் வேறு வழியில் பம்பைத் தடுப்பது. இவற்றைச் சாப்பாட்டைப் பார்க்காமல் போடலாம்.

## 4. விழுங்கும் முறை: முழுதாக, உடைக்காமல்

இந்த மருந்தை அமிலம் நேரடியாகத் தொட்டால் அது சிதைந்துவிடும். அதனால்தான் மாத்திரைக்கு மேல் அமிலத்தில் கரையாத பூச்சு இருக்கிறது. காப்ஸ்யூலாக இருந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு குருணைக்கும் தனித்தனியாக அந்தப் பூச்சு உண்டு. மென்றாலும் நசுக்கினாலும் பூச்சு போய்விடும். மருந்து இரைப்பையிலேயே வீணாகும்.

பாதி அளவு வேண்டும் என்று பூச்சுள்ள மாத்திரையைக் கத்தியால் வெட்டுவதும் இதே தவறுதான். 40 மி.கி. போடுபவருக்கு 20 மி.கி. தேவைப்பட்டால், 20 மி.கி. மாத்திரையாகவே வாங்க வேண்டும்.

விழுங்க முடியாதவர்களுக்கு, குருணை உள்ள சில காப்ஸ்யூல்களைத் திறந்து ஒரு கரண்டி பழக்கூழில் கலந்து, மெல்லாமல் உடனே விழுங்கச் சொல்வதுண்டு. பழக்கூழின் புளிப்பு பூச்சைக் காப்பாற்றும். பாலில் கலந்தால் பூச்சு முன்கூட்டியே கரையலாம். எல்லாத் தயாரிப்புக்கும் இது பொருந்தாது. கையில் இருக்கும் காப்ஸ்யூலைத் திறக்கலாமா என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## 5. மறந்துவிட்டால்

சாப்பிட உட்கார்ந்த பிறகு நினைவு வந்தால், பதற வேண்டாம். அன்றைய அடுத்த பெரிய உணவுக்கு அரை மணி முன்னால் போடலாம். ஒரு நாள் முழுக்கத் தவறிப்போனால் மறுநாள் வழக்கம்போல ஒன்று மட்டும். இரண்டாகப் போட்டாலும் ஓடாத பம்புகள் கூடுதலாக அடைபடப்போவதில்லை.

நடுவில் ஒரு நாள் விட்டாலும் எரிச்சல் உடனே வராததற்குக் காரணம், முடங்கிய பம்பு திரும்ப ஓடாது என்பதே. உடல் புதுப் பம்புகளைச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஓரிரு நாளுக்கு மேல் ஆகும்.

## 6. போட்டும் எரிகிறது என்றால்

முதல் நாளே முழுப் பலன் கிடைக்காது. முதல் மாத்திரை அப்போது ஓடிய பம்புகளை மட்டும் அடைத்திருக்கும். மறுநாள் விழிப்பவற்றை மறுநாள் மாத்திரை பிடிக்கும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து நிலையான அளவை எட்ட 3 முதல் 5 நாள் ஆகும். இதனால்தான் எரியும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்பவருக்கு இந்த வகை மருந்து ஏமாற்றம் தருகிறது. உடனடி நிவாரணத்துக்கு இது உருவானதல்ல.

ஒரு வாரம் கடந்தும் அடங்காவிட்டால் அளவைக் கூட்டுவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். ஏழு நாளும் மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிடத் தொடங்கிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். ‘சரியாகத்தான் போடுகிறேன்’ என்று சொல்பவர்களின் தாளில்கூட ஐந்து நிமிடமும் மூன்று மணி நேரமும் கலந்து கிடப்பது சகஜம்.

பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் எரிகிறது என்றால், காலை மாத்திரையை இரவு உணவுக்கு முக்கால் மணி முன்னால் மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை எழுதியிருந்தால், ஒன்று காலை உணவுக்கு முன், இன்னொன்று இரவு உணவுக்கு முன். இரண்டாவதைப் படுக்கையில் போடுவது பரவலான பிழை.

நேரம் சரியாக இருந்து, 8 வாரம் கடந்தும் மாற்றமே இல்லை என்றால், தொந்தரவுக்குக் காரணம் அமிலமாகவே இல்லாமலும் இருக்கலாம். அந்த நிலையில் மாத்திரையின் பெயரை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட எண்டோஸ்கோப்பி போன்ற பரிசோதனை தேவையா என்று கேட்பது பொருத்தம்.

## 7. மற்ற இரண்டு வகைகளின் நேரம்

ஆன்டாசிட்டை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. வெறும் வயிற்றில் எடுத்தால் அது அரை மணியில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும்; உணவு இருந்தால் கூடுதல் நேரம் தங்கும். அலுமினியம், மெக்னீசியம், கால்சியம் கொண்ட இந்தத் திரவங்கள் மற்ற மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளிலிருந்து 2 மணி நேரமும், தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரமும் தள்ளி எடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து குடிக்கக் கூடாது.

ஃபெமோடிடினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலோ படுக்கும்போதோ போடலாம். இதற்கு ஒரு குறை: தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடல் பழகிக்கொண்டு வேகம் குறையும். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு ஏற்றது.

## 8. மறுபரிசீலனை: எந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்

சொன்ன வாரம் முடிந்த அன்றே கேட்க வேண்டிய கேள்வி இது. தொடர்ந்து போடுபவராக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்க வேண்டும். கேள்வி ‘பக்க விளைவு வந்ததா?’ என்பதல்ல. ‘ஆரம்பித்த காரணம் இன்னும் இருக்கிறதா?’ என்பதே.

சிலர் நிறுத்தவே கூடாது. உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், அங்கே சுருக்கம் ஏற்பட்டவர்கள், அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்சுவர் மாறிப்போன பாரெட் உணவுக்குழாய் என்று எண்டோஸ்கோப்பியில் சொல்லப்பட்டவர்கள் இதில் வருவார்கள். ஏற்கெனவே புண்ணில் ரத்தம் கசிந்து இப்போதும் ஆஸ்பிரின், ரத்தம் உறையாமை மருந்து அல்லது வலி மாத்திரை போடுபவர்களும் அப்படியே. இவர்களுக்குத் தினசரி மாத்திரை கவசம். யாரோ சொன்ன பயத்தில் தாங்களாக நிறுத்தி, ரத்தக் கசிவோடு மருத்துவமனைக்கு வருவது மாத்திரையின் பக்க விளைவைவிடப் பெரிய ஆபத்து.

இன்னொரு பக்கம், காரணமே முடிந்துபோனவர்கள். வலி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ போட்டபோது துணைக்குத் தரப்பட்டது, மருத்துவமனையில் படுத்திருந்தபோது தொடங்கியது, ஒரு வார வயிற்றுக் கோளாறுக்கு எழுதியது எல்லாம் இதில் அடங்கும். நடுவில் இருப்பவர்கள், புண் இல்லாத சாதாரண நெஞ்செரிச்சலுக்கு 8 வாரம் போட்டு நிம்மதியானவர்கள். இவர்களுக்குக் குறைத்துப் பார்க்க முயல்வது நியாயம். இரண்டு வேளை போடுபவருக்கு முதல் படி, ஒரு வேளையாக்குவது.

நீண்டகாலப் பயன்பாட்டின் ஆபத்துகளை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். எலும்பு முறிவு, சிறுநீரகம், மறதி நோய் என்று பல தொடர்புகள் செய்தியில் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை, மாத்திரை போடும் கூட்டத்தை வெளியிலிருந்து கவனித்த ஆய்வுகள். ஏற்கெனவே நோயாளியாக இருப்பவர்தான் இந்த மாத்திரையும் அதிகம் போடுகிறார் என்ற குழப்பம் அவற்றில் உண்டு. 2019-இல் வெளியான காம்பாஸ் ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பேன்டோபிரசோலோ வெற்று மாத்திரையோ கொடுத்துச் சராசரியாக 3 ஆண்டு தொடர்ந்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: 1.0 சதவீதம் 1.4 ஆனது. அமிலம் கிருமிகளைக் கொல்லும் முதல் அரண் என்பதால் இது எதிர்பார்த்ததே.

அதேநேரம் 3 ஆண்டு வேறு, 15 ஆண்டு வேறு. உணவிலிருந்து வைட்டமின் பி12-ஐப் பிரிக்க அமிலம் வேண்டும். ஆகவே இரண்டு மூன்று வருடம் தாண்டியவர்கள், அதிலும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் போடுபவர்கள், பி12 அளவைப் பார்க்கலாமா என்று கேட்கலாம். அரிதாக மெக்னீசியம் குறையும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குப் பிறகு. தசைப்பிடிப்பு, நடுக்கம், படபடப்பு இதன் அடையாளம். சிறுநீர் கழியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ சேர்த்துப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். காய்ச்சல், தோல் தடிப்பு, சிறுநீர் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். இது மாத்திரை தொடங்கிய எந்தக் கட்டத்திலும் வரும், காத்திருக்கக் கூடாது.

தேவை இருப்பவருக்கு இந்த ஆபத்துகள் சிறியவை. தேவையே இல்லாதவருக்கு, எவ்வளவு சிறியதானாலும் அது பலன் இல்லாமல் ஏற்கும் ஆபத்து.

## 9. நிறுத்தும்போது வரும் எதிர்வீச்சு

‘இரண்டு முறை விட்டுப்பார்த்தேன், நான்காம் நாளே பழையபடி எரிகிறது, இது இல்லாமல் என்னால் முடியாது’ என்று சொல்பவர்கள் ஏராளம். பலருக்கு அது பழைய நோய் அல்ல. மாத்திரை விட்டதன் எதிர்வீச்சு.

அமிலம் குறைந்திருக்கும் காலம் முழுக்க உடல் அதை ஈடுகட்டப் பார்க்கிறது. கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் உயர்கிறது. அமிலச் சுரப்பைத் தூண்டும் செல்கள் பெருகுகின்றன. மாத்திரை இருக்கும் வரை இது வெளியே தெரியாது. நிறுத்தியதும் அந்தக் கூடுதல் தூண்டுதல் முழுக்கப் புதுப் பம்புகள் மேல் விழுகிறது. முன்பு இருந்ததைவிட அதிக அமிலம் சில வாரம் சுரக்கும்.

இதைக் காட்டிய ஓர் ஆய்வில் 120 பேர் கலந்துகொண்டார்கள். ஒருவருக்கும் அமிலத் தொந்தரவு கிடையாது. ஒரு பகுதியினருக்கு 8 வாரம் இசோமிபிரசோல் 40 மி.கி. தந்து, பிறகு அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். அடுத்த 4 வாரத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவு வந்தது; ஆரம்பம் முதலே வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கும் மாத்திரையை விட்டதாலேயே எரிச்சல் வந்தது.

எதிர்வீச்சா, நோயா என்று பிரிப்பது நாளை வைத்துத்தான். எதிர்வீச்சு முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டி, பிறகு வாரத்துக்கு வாரம் இறங்கும். இரண்டு மாதம் கடந்தும் கடுமையாகவே இருந்தால் மருந்துக்கான காரணம் இன்னும் இருக்கிறது என்று மருத்துவர் எடுத்துக்கொள்வார்.

## 10. படிப்படியாக இறங்குவது: ஒருவரின் கணக்கு

54 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூட்டுவலிக்கு 10 நாள் டைக்ளோஃபினாக் தந்தபோது துணைக்குப் பேன்டோபிரசோல் 40 மி.கி. எழுதினார்கள். வலி மாத்திரை பத்தாம் நாள் முடிந்தது. பேன்டோபிரசோல் மூன்று வருடமாகத் தொடர்கிறது, இரவு 10 மணிக்கு, படுக்கும்போது. தைராய்டு மாத்திரையும் உண்டு. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, ஆஸ்பிரின் போடவில்லை, முன்பு புண்ணோ ரத்தக் கசிவோ இருந்ததில்லை. மருத்துவர் நிறுத்திப்பார்க்கலாம் என்கிறார்.

முதல் மாதம்: அளவு 20 மி.கி. ஆகிறது. நேரம் படுக்கையிலிருந்து காலை உணவுக்கு 45 நிமிடம் முன்னால் மாறுகிறது. பாதி அளவு என்ற பயம் அவருக்கு இருக்கும். ஆனால் தப்பான நேரத்தில் போட்ட 40-ஐவிட, சரியான நேரத்தில் போட்ட 20 பெரிதாகக் குறைந்துவிடாது என்பதால் இந்தக் கட்டம் பலருக்கு அமைதியாகவே கழிகிறது.

5-வது, 6-வது வாரம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாட்காட்டியில் மாத்திரை நாட்களை வட்டமிட்டுவிட்டால் குழப்பம் இல்லை. 7-வது வாரம் முதல் மாத்திரை கிடையாது. ஒரேயடியாக நிறுத்தினாலும் தவறில்லை. இரண்டு வழிகளும் ஏற்கப்பட்டவை. நீண்டகாலம் போட்டவர்களுக்குப் படிப்படி வழி தாங்க எளிது என்பது நடைமுறையில் தெரிவது.

நிறுத்திய ஐந்தாம் நாள் மாலை எரிச்சல் தொடங்குகிறது. இங்கேதான் பெரும்பாலோர் பழைய மாத்திரையை எடுத்துவிடுகிறார்கள். இவருக்கு முன்பே சொல்லப்பட்டது: எரிந்தால் சாப்பிட்டு ஒரு மணி கழித்து ஆன்டாசிட் அல்லது ஆல்ஜினேட் திரவம், தேவைப்பட்டால் படுக்கும்போது இன்னொரு முறை. ஆல்ஜினேட் இரைப்பையில் மிதக்கும் ஒரு படலமாகி, அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும். இரவு எடுக்கும் திரவத்துக்கும் காலைத் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் 4 மணிக்கு மேல் இருப்பதால் சிக்கல் இல்லை. இந்த வாரங்களில் இரவு உணவைப் படுக்கைக்கு மூன்று மணி முன்னால் முடித்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரையடி உயர்த்தினால் இரவு எதுக்களிப்பு குறையும். தலையணையை மட்டும் அடுக்கினால் உடல் இடுப்பில் மடங்கி வயிறு அழுந்தும், அது உதவாது.

அவர் தினமும் எரிச்சலுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுகிறார். முதல் வாரம் 5, 6 என்று ஓடியது நான்காம் வாரத்தில் 2 ஆகிறது. ஆறாம் வாரத்தில் திரவமே தேவைப்படவில்லை. எண்கள் இறங்கியதால் அது எதிர்வீச்சு. எட்டாம் வாரமும் 6-லேயே நின்றிருந்தால், அந்தத் தாளோடு மருத்துவரிடம் திரும்பியிருக்க வேண்டும்.

ஒரு வேலை பாக்கி. பேன்டோபிரசோல் இருந்தபோது தைராய்டு மாத்திரை கொஞ்சம் குறைவாக உடலில் சேர்ந்திருக்கலாம். அதற்கேற்ப அதன் அளவு கூட்டப்பட்டிருக்கலாம். இப்போது அமிலம் திரும்பியதால் அதே அளவு அதிகமாகிவிடக்கூடும். நிறுத்தி 6 முதல் 8 வாரத்தில் தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத எடை குறைவு தெரிந்தால் அதற்கு முன்பே.

## 11. திரும்ப எரிந்தால்

சில மாதம் கழித்து எப்போதாவது எரிந்தால், உடனே தினசரி மாத்திரைக்குத் திரும்பத் தேவையில்லை. ஒரு நாள் எரிச்சலுக்கு ஆன்டாசிட் போதும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வரத் தொடங்கினால் மருத்துவரைப் பார்த்து, குறிப்பிட்ட வாரக் கணக்கோடு மறுபடி தொடங்கலாம். அப்போதும் குணம் தரும் மிகக் குறைந்த அளவு, சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னால், முடியும் தேதி மருந்துச்சீட்டில்.